டிக்கெட் பச்சை, கஸ்டமர் சிவப்பு: சப்போர்ட் டீமுக்கு கேபிஐ வைக்கும் முறை

புதிதாக டீம் லீட் ஆனவரிடம் மேலிடம் சீக்கிரமே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "உங்க டீமுக்கு கேபிஐ என்ன?" கேபிஐ என்றால் வேலை எப்படி நடக்கிறது என்று காட்டும் அளவுகோல். அவசரத்தில் பெரும்பாலானவர்கள் எழுதிக் கொடுப்பது இப்படி இருக்கும். முதல் பதில் 30 நிமிடத்துக்குள். டிக்கெட், அதாவது ஒரு கஸ்டமரின் புகார் அல்லது கேள்விக்கான பதிவு, 24 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 40 டிக்கெட். கஸ்டமர் திருப்தியைக் காட்டும் சர்வே மதிப்பெண்ணான சிசாட் 5-க்கு 4.5. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நியாயமான எண்கள்தான். சில வாரங்களில் நான்கும் டாஷ்போர்டில் பச்சையாகிவிடும். புகார் மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

இதற்கு ஏஜெண்டுகளைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. சம்பளமும் பெயரும் ஓர் எண்ணில் தொங்கினால் யாராக இருந்தாலும் அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொள்வார்கள். எண்ணை வைத்த விதத்தில்தான் ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையை எப்படிக் கண்டுபிடித்து அடைப்பது என்பதே இந்தக் கட்டுரை. ஐந்து பேர் முதல் இருபது பேர் வரை உள்ள, மெயிலும் போனும் கவனிக்கும் டீமை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு டிக்கெட்டைப் பார்ப்போம்

ஆன்லைனில் மிக்ஸி, கிரைண்டர் விற்கும் ஒரு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சப்போர்ட்டில் எட்டுப் பேர். மேலே சொன்ன அதே நான்கு டார்கெட்டுகள்.

திங்கள் காலை 10 மணி. மிக்ஸி ஜாரின் அடியில் ஒழுகுகிறது என்று ஒருவர் மெயில் அனுப்புகிறார். பில்லையும் போட்டோவையும் அதிலேயே இணைத்திருக்கிறார். 10:12-க்கு, "உங்கள் புகார் கிடைத்தது, பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்று பதில் போகிறது. முதல் பதில் டார்கெட் முடிந்தது.

செவ்வாய் காலை 9:30. 24 மணி நேரம் முடிய இன்னும் அரை மணிதான். அப்போது ஒரு மெயில் போகிறது: "தயவுசெய்து பில் நகலை அனுப்பவும்." டிக்கெட் பெண்டிங்குக்கு மாறுகிறது. பெரும்பாலான டிக்கெட் மென்பொருள்களில், பெண்டிங் என்றால் கஸ்டமரின் பதிலுக்குக் காத்திருக்கிறோம் என்று பொருள். அந்த நேரத்தில் கடிகாரம் ஓடாதபடி வைத்துக்கொள்ளலாம். இங்கேயும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். 23 மணி 30 நிமிடத்தில் கடிகாரம் நின்றுவிட்டது.

கஸ்டமர் அன்று இரவு 8 மணிக்கு, "முதல் மெயிலிலேயே பில் இருக்கிறதே" என்று எழுதுகிறார். கடிகாரம் மறுபடி ஓடுகிறது. 8:10-க்கு, "மாற்று ஜார் அனுப்ப ஏற்பாடு செய்கிறோம், நன்றி" என்று ஒரு வரி எழுதி, டிக்கெட்டை முடித்துவிடுகிறார்கள். கணக்குப்படி ஆன நேரம் 23 மணி 40 நிமிடம். அதுவும் பச்சை. முடித்தவுடன் தானாகவே சர்வே போகிறது. ஜார் வரப்போகிறது என்ற சந்தோஷத்தில் கஸ்டமர் ஐந்து ஸ்டார் கொடுக்கிறார்.

ஆனால் கிடங்குக்கு யாரும் ஜார் கேட்டுப் பதிவு போடவில்லை. சனிக்கிழமை அந்தக் கஸ்டமர் போனில் கூப்பிடுகிறார். அது புது டிக்கெட்டாகப் பதிவாகிறது. அதையும் யாராவது முடித்து, தன் 40-ல் சேர்த்துக்கொள்வார்.

இதில் யாரும் பொய்க் கணக்கு எழுதவில்லை. நான்கு எண்களும் விதிப்படி சரி. ஆறு நாளாக ஒழுகும் ஜாரோடு ஒருவர் இருக்கிறார் என்பது மட்டும் எந்த எண்ணிலும் தெரியவில்லை. காரணம் எளிது: கடிகாரத்தை நிறுத்துவதும், 'முடிந்தது' என்று சொல்வதும், சர்வே எப்போது போக வேண்டும் என்பதும் அளக்கப்படுகிற ஆளின் கையிலேயே இருக்கின்றன. எந்த கேபிஐயை எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: இந்த எண்ணை மாற்றும் பட்டன் யார் கையில் இருக்கிறது?

படி 1: டார்கெட் எழுதுவதற்கு முன் டிக்கெட் படியுங்கள்

போன மாதத்து டிக்கெட்டுகளில் ஐம்பதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, ஆரம்பம் முதல் கடைசி வரை படியுங்கள். டாஷ்போர்டைப் பார்க்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் மூன்று விஷயம் குறித்துக்கொண்டால் போதும்: கஸ்டமர் உண்மையில் கேட்டது என்ன, அது எந்தத் தேதியில் கிடைத்தது, நடுவில் அவர் எத்தனை தடவை நம்மைத் தேடி வந்தார்.

ஒரு நாள் வேலைதான் இது, ஆனால் தவிர்க்கக் கூடாது. "ஆர்டர் எங்கே" என்ற கேள்விக்கு இரண்டு நிமிடம் போதும். வாரண்டி புகாருக்கு மூன்று துறைகளோடு பேச வேண்டும் என்பதெல்லாம் படிக்கும்போதுதான் உறைக்கும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து "நாளைக்கு 40" என்று சொன்னால் என்ன ஆகும்? காலையில் ஷிஃப்ட் தொடங்கியதுமே சுலபமான டிக்கெட்டுகளை ஆளாளுக்கு எடுத்துக்கொள்வார்கள். வாரண்டி டிக்கெட்டுகள் கியூவின் அடியில் ஊறிக்கொண்டிருக்கும். ஆளுக்கு இத்தனை டிக்கெட் என்ற டார்கெட்டை நான் எந்த டீமுக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அதைச் சரிசெய்து பயன்படுத்த முடியும் என்றும் நம்பவில்லை.

படி 2: கஸ்டமர் பக்கத்திலிருந்து எண்ணும் இரண்டு அளவுகள்

நான் முதலில் வைக்கச் சொல்வது, ஏழு நாளுக்குள் மறுபடி வந்தவர்களின் கணக்கு. அதே கஸ்டமர், அதே விஷயத்துக்காக, எந்த வழியில் வந்தாலும் சரி, மறுவரவு என்று எண்ண வேண்டும். பல இடங்களில் இதற்குப் பதிலாக, மூடிய டிக்கெட் மறுபடி திறக்கப்படுவதை எண்ணும் ரீஓப்பன் கணக்கு வைத்திருப்பார்கள். அது போதாது. "இதற்குப் புது டிக்கெட் போடுங்கள்" என்று ஒரு வரி எழுதினால் ரீஓப்பன் பூஜ்யமாகிவிடும். 'முதல் தடவையிலேயே தீர்ந்தது' என்று ஏஜெண்டே டிக் போடும் முறை அதைவிட மோசம். டிக்கெட் எண்ணை விட்டுவிட்டுப் போன் நம்பரைப் பிடித்துக்கொண்டால் இந்த வழிகள் அடைபடும்.

இதற்குப் பெரிய மென்பொருள் வேண்டாம். டிக்கெட்டுகளை ஒரு ஷீட்டில் இறக்கிக்கொள்ளுங்கள். B நெடுவரிசையில் போன் நம்பர், C-யில் காரணம், D-யில் டிக்கெட் வந்த தேதியும் நேரமும் இருக்கட்டும். இரண்டாவது வரிசையில் இந்தச் சூத்திரத்தைப் போட்டுக் கீழே இழுத்தால் போதும்:

```
=IF(COUNTIFS(B:B,B2,C:C,C2,D:D,">"&D2,D:D,"<="&D2+7)>0,1,0)
```

1 என்று வந்தால் அந்த டிக்கெட்டுக்குப் பிறகு ஏழு நாளுக்குள் அதே ஆள் அதே காரணத்துக்காக வந்திருக்கிறார். மொத்த 1-களை மொத்த டிக்கெட்டால் வகுத்தால் மறுவரவு விகிதம். கடைசி ஏழு நாள் டிக்கெட்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர்கள் திரும்பி வர இன்னும் நேரம் இருக்கிறது, சேர்த்தால் எண் பொய்யாக நன்றாகத் தெரியும். மெயிலில் வந்தவருக்குப் போன் நம்பர் இல்லையென்றால் ஆர்டர் எண்ணை வைத்துப் பொருத்தலாம். இந்த அளவுக்கும் ஒரு பலவீனம் உண்டு. காரணத்தை ஏஜெண்டே தேர்ந்தெடுப்பதால், இரண்டாம் தடவை வேறு காரணம் போட்டால் தப்பிவிடும். அதனால் மாதம் ஒருமுறை C-யை விட்டுவிட்டு, போன் நம்பரை மட்டும் வைத்தும் கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளி திடீரென்று கூடினால் காரணப் பட்டியலில் ஏதோ நடக்கிறது.

அடுத்தது, கஸ்டமர் காத்திருந்த மொத்த நேரம். முதல் மெயிலிலிருந்து அவர் கேட்டது கையில் கிடைக்கும் வரை, பெண்டிங்கையும் சேர்த்து எண்ண வேண்டும். "கஸ்டமர் மூன்று நாள் பதில் போடாததற்கு நாங்கள் என்ன செய்வது?" என்று டீம் கேட்கும். நியாயமான கேள்விதான். அதனால் பெண்டிங் கழித்த நேரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தனியாகக் காட்டாதீர்கள். மேலே சொன்ன ஜார் டிக்கெட்டில் ஒன்று 23 மணி 40 நிமிடம், இன்னொன்று ஐந்து நாளுக்கு மேல். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உடனே கண்ணில் படும்.

இந்த நேரத்துக்குச் சராசரி எடுக்க வேண்டாம். இரண்டு நிமிடத்தில் முடியும் நூறு டிக்கெட்டுகள், பத்து நாள் இழுக்கும் பதினைந்து டிக்கெட்டுகளைச் சராசரியில் மூடிவிடும். பத்தில் ஒன்பது பேருக்கு எத்தனை நேரத்துக்குள் முடிந்தது என்று பாருங்கள். ஷீட்டில் `=PERCENTILE(E2:E900,0.9)` என்று போட்டால் வந்துவிடும். E-யில் மொத்த நேரம் இருக்க வேண்டும்.

சிசாட் வேண்டாமா? வைத்துக்கொள்ளலாம், ஆனால் சர்வே போகும் நேரத்தை மாற்ற வேண்டும். டிக்கெட் முடிந்த நொடியில் கேட்டால் வாக்குறுதிக்குத்தான் மார்க் கிடைக்கும். பொருள் போய்ச் சேர்ந்த இரண்டு நாள் கழித்துக் கேளுங்கள். யாருக்குச் சர்வே போக வேண்டும் என்று ஏஜெண்ட் முடிவு செய்யும் வசதி எங்காவது இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். கோபமாகப் பேசியவரின் டிக்கெட்டை ஸ்பாம் என்றோ, வேறு டிக்கெட்டோடு இணைத்தோ மூடினால் சர்வே போகாது என்பது எல்லா சப்போர்ட் டீமுக்கும் தெரிந்த ரகசியம்.

போனில் ஒரு காலுக்கு ஆகும் சராசரி நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது எத்தனை பேரை ஷிஃப்டில் உட்கார வைப்பது என்று கணக்குப் போடுவதற்கான எண். ஒரு மணி நேரத்தில் 120 கால், ஒவ்வொன்றும் 5 நிமிடம் என்றால் 600 நிமிட வேலை. பத்துப் பேர் மூச்சுவிடாமல் பேச வேண்டும், எனவே பத்துக்கு மேல் ஆள் தேவை. எத்தனை பேர் கூடுதல் என்பதற்குத்தான் டென்மார்க்கின் ஏ.கே. எர்லாங் 1917-ல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக வெளியிட்ட சூத்திரம் இன்றும் கால் சென்டர்களில் பயன்படுகிறது. அந்த எண்ணை ஆளுக்கு ஆள் டார்கெட்டாக வைத்தால், கஷ்டமான கால்கள் "லைன் கட்டாகிவிட்டது" என்று முடியும். இருபது நொடிக்குள் முடிந்த கால்கள் யாரிடம் அதிகம் என்று ஒரு தடவை எடுத்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

படி 3: அறிவிப்பதற்கு முன் டீமிடமே கொடுத்து உடைக்கச் சொல்லுங்கள்

எனக்குத் தெரிந்து பயன் அதிகம், செலவு குறைவு என்றால் இந்தப் படிதான். டார்கெட்டை அறிவிப்பதற்கு முன் டீமை அரை மணி நேரம் உட்கார வைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வேலையைச் செய்யாமலேயே இந்த எண்ணை நல்லா காட்டணும்னா என்ன பண்ணுவீங்க?" பழைய டிக்கெட் எதைப் பற்றியும் யாரையும் விசாரிக்கப் போவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தடவை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

முதல் ஐந்து நிமிடம் அமைதியாக இருக்கும். அப்புறம் யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்.

"சார், பெண்டிங்ல போட்டா கிளாக் நின்னுடும். எதையாவது கேட்டுட்டு போட்டுடலாம்."

"ஷிஃப்ட் முடியறதுக்கு முன்னாடி பேக்எண்ட் டீமுக்கு மாத்திவிட்டா நம்ம பேர்ல இருக்காது."

"கஸ்டமர் வேற நம்பர்ல கூப்பிட்டா உங்க ஏழு நாள் கணக்குல வராதே சார்?"

கடைசியாகச் சொன்னது ஏமாற்று வேலையே அல்ல, உங்கள் வரையறையில் இருக்கும் உண்மையான ஓட்டை. இப்படி வருவதை எல்லாம் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டில் ஒன்று செய்யுங்கள்: வரையறையை மாற்றுங்கள், அல்லது கண்காணிக்க ஓர் அடையாளத்தைக் குறித்து வையுங்கள். பெண்டிங் விஷயத்தில் வரையறையை மாற்றலாம், மொத்த நேரத்தை எண்ணுகிறோம் என்று. வேறு டீமுக்குத் தள்ளுவதற்கு அடையாளம் போதும்: கை மாறிய டிக்கெட்டுகளில் எத்தனை அதே டீமுக்குத் திரும்பி வந்தன என்று வாரம் ஒரு முறை பார்த்தால் போதும்.

அதோடு ஒவ்வொரு எண்ணுக்கும் நான்கு வரி எழுதி வையுங்கள். கடிகாரம் எப்போது தொடங்குகிறது, எப்போது நிற்கிறது, எந்த டிக்கெட்டுகள் கணக்கில் இல்லை, இந்த விதியை மாற்ற யாருக்கு அதிகாரம். தானாகப் போகும் "கிடைத்தது" மெயில் முதல் பதிலாகாது என்பது போன்றவையெல்லாம் இங்கேதான் வரும். வாயால் சொன்னால் மாதத்துக்கு ஓர் அர்த்தம் முளைக்கும்.

படி 4: ஆறு வாரம் டார்கெட் இல்லாமல் அளந்து மட்டும் பாருங்கள்

இப்போது உங்கள் எண் எவ்வளவு என்று தெரியாமல் எவ்வளவாக வேண்டும் என்று சொல்ல முடியாது. அந்த மிக்ஸி டீம் ஆறு வாரம் அளந்தது என்று வைத்துக்கொள்வோம். மொத்த மறுவரவு 100-க்கு 18. காரண வாரியாகப் பிரித்தால், "ஆர்டர் எங்கே" கேள்வியில் 9, மாற்று ஜார் கேட்டவர்களில் 38.

இங்கே பலர் செய்வது, 18-ஐ 12 ஆக்கு என்று எட்டுப் பேருக்கும் டார்கெட் கொடுப்பது. அதற்கு முன் அந்த 38-ஐத் திறந்து படியுங்கள். படித்தால் கதை வேறு. கிடங்கில் ஜார் இருக்கிறதா என்று சப்போர்ட் ஆட்களுக்குத் தெரிய வழியே இல்லை. "ஏற்பாடு செய்கிறோம்" என்பதைத் தவிர அவர்களால் எதுவும் சொல்ல முடியாது. இருப்பு விவரத்தை அவர்கள் திரையில் காட்டி, கிடங்குக்குப் பதிவு போட்ட எண் இல்லாமல் வாரண்டி டிக்கெட்டை முடிக்க முடியாதபடி செய்தால், யாரையும் மிரட்டாமல் அந்த 38 இறங்கும். டார்கெட்டை மட்டும் கொடுத்திருந்தால், காரணப் பெயரை மாற்றிப் போட்டு 38-ஐ இறக்கியிருப்பார்கள்.

படி 5: வாரம் ஐந்து டிக்கெட் படிப்பது

எண் எதுவானாலும் பக்கத்தில் படிப்பு இருக்க வேண்டும். ஒவ்வொருவரிடமிருந்தும் வாரம் ஐந்து டிக்கெட், குலுக்கல் முறையில். ஏஜெண்டும் தேர்ந்தெடுக்கக் கூடாது, நீங்களும் கூடாது. ஷீட்டில் `=RAND()` போட்டு வரிசைப்படுத்தி முதல் ஐந்தை எடுத்தால் சண்டை இல்லை. முப்பது கேள்விப் படிவம் வேண்டாம். வணக்கம் சொன்னாரா, பெயரைச் சொன்னாரா என்று மார்க் போடும் படிவங்கள் அவற்றுக்கே உரிய ஏமாற்று வேலையை வளர்க்கும். கேட்டதற்குப் பதில் போனதா, சொன்ன வாக்கு சிஸ்டத்தில் பதிவானதா, இந்தக் கஸ்டமர் மறுபடி வர வேண்டியிருக்குமா என்ற மூன்று போதும். மாதம் ஒரு தடவை ஒரே டிக்கெட்டை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து மார்க் போடுங்கள். மார்க் வேறுபட்டால் கேள்வி தெளிவாக இல்லை என்று பொருள்.

எதைப் படிப்பது என்று எண்களும் வழிகாட்டும். முதல் பதிலுக்கு ஆன நேரங்களை ஐந்து நிமிடக் கட்டங்களாகப் பிரித்து வரைந்து பாருங்கள். 30 நிமிட எல்லைக்குச் சற்று முன் ஒரு கோபுரம் எழுந்தால் அங்கே போய்ப் படிக்க வேண்டும். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அவசரப் பிரிவு நோயாளியை 4 மணி நேரத்துக்குள் கவனித்து அனுப்ப வேண்டும் என்று இலக்கு வைத்தபோது, 4 மணி நேரம் முடியும் முன் உள்ள கடைசி நிமிடங்களில் இப்படித்தான் ஒரு கோபுரம் எழுந்தது. ஆனால் கோபுரம் தெரிந்தவுடன் ஏமாற்று என்று முடிவு கட்டாதீர்கள். மென்பொருள் டிக்கெட்டுகளைக் கெடு நேரப்படி வரிசைப்படுத்தினால், ஒழுங்காக வேலை செய்பவரின் பதில்களும் கெடுவை ஒட்டியேதான் வரும். அந்தப் பதில்களில் விஷயம் இருக்கிறதா, வெறும் "பார்த்துச் சொல்கிறோம்" தானா என்று படித்தால்தான் தெரியும்.

படி 6: இன்சென்டிவையும் தர வரிசையையும் என்ன செய்வது

தனி ஆளின் இன்சென்டிவை இந்த எண்களோடு கட்டாதீர்கள். கட்டியே ஆக வேண்டும் என்று மேலிடம் சொன்னால் மொத்த டீமுக்கும் ஒரே தொகையாக, மறுவரவும் மொத்த நேரமும் சேர்ந்து முன்னேறினால் மட்டும் என்று கேளுங்கள். ஒன்றை மட்டும் கட்டினால் இன்னொன்றை விற்று அதை வாங்குவார்கள்: டிக்கெட்டை மூடாமலே இழுத்தால் மறுவரவு குறையும், அவசரமாக மூடினால் நேரம் குறையும். இரண்டையும் ஒரே சமயத்தில் பொய்யாகக் காட்டுவது கஷ்டம்.

தனி ஆளுக்கு ரேட்டிங் வைத்து வாராந்தரத் தர வரிசை போடச் சொன்னால் கணக்கைக் காட்டுங்கள். ஒரு ஏஜெண்டுக்கு வாரத்தில் 12 சர்வே பதில் வந்தால், 11 பேர் நல்லது என்றால் 92 சதவீதம், 10 பேர் என்றால் 83. கூரியர்காரர் மேல் உள்ள கோபத்தில் ஒரே ஒருவர் ஒரு ஸ்டார் போட்டால் எட்டுப் புள்ளிக்கு மேல் விழுகிறது. முதல் இடத்தில் இருந்தவர் கீழே போய்விடுவார். இதை வைத்து ஆளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. மூன்று மாதப் பதில்களைச் சேர்த்தால் கொஞ்சம் பேசலாம், அதுவும் ஒரே வகை டிக்கெட் பார்ப்பவர்களுக்குள் மட்டும்.

மேலிடத்துக்குப் பட்டியல் ஏதாவது வேண்டுமென்றால், ஆட்களின் பட்டியலுக்குப் பதிலாக, மறுவரவு அதிகமான ஐந்து காரணங்களின் பட்டியலைக் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்தத் துறை என்ன மாற்ற வேண்டும் என்று ஒரு வரி. அப்படியும் ஆட்களின் பட்டியல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், அதில் கடைசியாக வரும் பெயரின் இருபது டிக்கெட்டுகளை அச்செடுத்துக் கூடவே கொண்டுபோங்கள். மற்றவர்கள் தொடத் தயங்கும் வாரண்டி புகார்களை எடுத்துப் பார்க்கும் சீனியர்தான் பெரும்பாலும் அந்த இடத்தில் இருப்பார்.